எல்லோரும் தமிழ் எழுதிய வெனிலா மன்றம்

மாத்தளைக்குப் பக்கத்தில், உக்குவளையில் கண்டி வீதியோரம் நானும் என் மனைவியும் ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறோம். போட்டோ கொப்பி எடுப்போம், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்போம், அடையாள அட்டை லெமினேட் பண்ணுவோம், தொலைபேசிக்கு ரீலோட் போடுவோம். கொஞ்ச காலமாக இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. யாராவது மடிக்கணினியை மேசையில் வைத்து, "இதைத் தமிழாக்கித் தாங்க" என்பார்கள்.

தமிழாக்குவதற்கு என்னிடம் ஒரு முறை உண்டு. முதலில் உலாவியின் மெனுக்களைத் தமிழுக்கு மாற்றி, அதை மூடித் திறப்பேன். மூடித் திறக்காவிட்டால் அது மாறாது. பலர் இந்த இடத்தில்தான் "வேலை செய்யல" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அடுத்து, விருப்ப மொழிகளின் வரிசையில் தமிழை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றுவேன். சொந்தமாகவே தமிழ்ப் பக்கம் வைத்திருக்கும் தளங்கள் அந்த வரிசையைப் பார்த்துத் தமிழிலேயே திறக்கும், எல்லாம் அல்ல, நல்ல மனது உள்ளவை. பிறகு பக்க மொழிபெயர்ப்பு. கடைசியாக எழுத்துப்பிழை பார்க்கும் வசதி. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

"இவருக்குக் கம்ப்யூட்டர் செட் பண்றது அபிஷேகம் மாதிரி," என்பாள் மனைவி. "பால் ஊத்த முந்தி தேன் ஊத்திட்டா அன்னைக்குத் தூக்கம் வராது."

வெனிலா ராத்தாவின் கணினியையும் இந்த முறைப்படிதான் செய்தேன். முறையில் ஒரு பிசகும் இல்லை. அதனால்தான் அத்தனை குழப்பமும் வந்தது.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்; இந்த ராத்தா எங்கள் கடையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மிளகும் கராம்பும் உள்ள தோட்டத்தில், ஒரு ஓரமாக வெனிலாக் கொடி வைத்திருந்தார். கொடி நன்றாகப் படர்ந்தது, பூத்தது. வெனிலாப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அதற்குள் ஒரு சின்னக் குச்சியால் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்த்துவிட வேண்டும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்யும் வண்டு கிடையாது. ராத்தா ஒரு பூ விடாமல் செய்தார். பிஞ்சும் பிடித்தது. ஆனால் விரல் நீளம் வருவதற்குள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்துவிட்டது. ஒரு காய் கூட மிஞ்சவில்லை.

தோட்டம் அவருக்கும், அவர் 'நானா' என்று கூப்பிடும் அண்ணனுக்கும் பொது. அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: அடுத்த பருவமும் இப்படி விழுந்தால் கொடியைப் பிடுங்கிவிட்டு அது படர்ந்த மரங்களில் மிளகு ஏற்றுவது.

"நானா சென்னா சென்னதுதான்," என்றார் ராத்தா, மடிக்கணினியை என் மேசையில் வைத்து. "மகன் விட்டுட்டுப் போன பெட்டி. இதுல வெனிலாவப் பத்தி உலகமே எழுதியீக்காம். எனக்குத் தமிழ்ல வேணும் தம்பி. இப்ப தெறந்தா எல்லாம் சிங்களத்துல வருது. சிங்களம் பேசுறதுன்னா தம்புள்ளை லொறிக்காரனோட சண்டையும் போடுவேன். வாசிக்கிறதுன்னா எழுத்துக் கூட்டி முடியிறதுக்குள்ள பூ வாடிரும்."

கண்டியில் பழைய சாமான் கடையில் மகன் வாங்கிய கணினி அது. முன்பு வைத்திருந்தவர் மெனுவைச் சிங்களத்தில் போட்டிருந்தார். அதோடு, மொழிபெயர்ப்புக் கேட்கவே வேண்டாம் என்ற பட்டியலில் ஆங்கிலமும் இருந்தது. அதனால் ஆங்கிலப் பக்கம் திறந்தால் உலாவி வாயே திறக்காது. நான் ஆங்கிலத்தை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தேன். எடுத்ததோடு நிற்காமல், ஆங்கிலத்தைக் கண்டால் கேட்காமலே தமிழாக்கிவிடும்படியும் செய்தேன். ஒவ்வொரு தடவையும் "மொழிபெயர்க்கவா?" என்று அது கேட்டு, ராத்தா என்னைத் தேடி வருவதைத் தவிர்க்கலாம் என்று எண்ணினேன்.

"இனி எல்லாமே தமிழ்லதான் வரும் ராத்தா."

"எல்லாமே?"

"எல்லாமே."

இதைவிடத் தெளிவாக யாரும் ஒருவரைத் தவறான வழியில் அனுப்பியிருக்க முடியாது.

சில நாட்களுக்குப் பிறகு தொலைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். திரையைப் படம் பிடித்திருந்தார். எழுதும் பெட்டி ஒன்று, அதில் அவர் தட்டிய நாலு வரி, பாதிச் சொற்களுக்குக் கீழே சிவப்பு நெளிகோடு.

"யாரோ ஒரு வாத்தி என்னைத் திருத்துறான் தம்பி. நான் எழுத எழுதக் கோடு போடுறான். வெனிலாவுக்குக் கோடு. உக்குவளைக்குக் கோடு. நானாவுக்கும் கோடு!"

"நானாவுக்குக் கோடு போட்ட மொத ஆளு அவன்தான் போல," என்றாள் மனைவி போட்டோ கொப்பி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து.

வாத்தியார் யாரும் இல்லை, எழுத்துப்பிழை பார்க்கும் வசதி அது என்று விளக்கினேன். அதனிடம் ஒரு சொல் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத எதைக் கண்டாலும் கோடு போடும். தமிழில் ஒரு சொல்லோடு இன்னொன்று ஒட்டி ஒட்டி நீளும். அத்தனையும் எந்தப் பட்டியலிலும் அடங்காது. நம் ஊர்ப் பேர்கள் சுத்தமாக இருக்காது. கோடு உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், வாசிக்கிறவருக்குத் தெரியாது. சரியான சொல்தான் என்றால், அதன் மேல் சுட்டியை வைத்து வலது பொத்தானை அழுத்தி அகராதியில் சேர்த்துவிடுங்கள்; அடுத்த தடவை பேசாமல் இருக்கும்.

ராத்தா யோசித்தார். "அப்ப இவனுக்கு நான்தான் வாத்தி."

"அப்படியும் சொல்லலாம்."

"நல்லது. மொதல்ல நானாவச் சேக்குறேன்."

போகும்போது சொன்னார்: "ஒரு மன்றம் கண்டுபிடிச்சீக்கேன் தம்பி. வெனிலா வளக்கிறவங்க மட்டும் பேசுற இடம். அவ்வளவு அறிவு! எல்லாரும் தமிழ் ஆக்கள். கொஞ்சம் புத்தகத்துல வாசிக்கிற மாதிரி எழுதுறாங்க. யாழ்ப்பாணமோ, இந்தியாவோ தெரியல. படிச்ச சனம்."

அன்றைக்கு நான் ஒரு பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில் பெயரை இரண்டாம் முறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "ஆங்" என்றேன். அந்த "ஆங்"கை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறது.

அடுத்த முறை கணினியோடு வந்தார். அதை வைத்த வேகத்தில் லெமினேட் தாள்கள் பறந்தன.

"தம்பி, என் கொடியில மொட்டு கட்டிருச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல பூ விரியும். அதுக்குள்ள பதில் வேணும். இந்த மனுசங்களுக்கு நான் எனத்த செஞ்சேன்?"

"என்ன ராத்தா ஆச்சு?"

"கேள்வி போட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல்ல. அவங்களுக்குள்ள மட்டும் பேசிக்கிறாங்க. 'அன்புள்ள நண்பரே, உங்கள் கொடி எப்படி இருக்கிறது'ன்னு கொஞ்சிக்கிறாங்க. எனக்கு ஒருத்தர் சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு போட்டீக்கார். மறுபடியும் போட்டேன். இன்னைக்குப் பாருங்க."

பார்த்தேன். ராத்தாவின் கேள்விக்குக் கீழே, மன்றத்தைக் கவனிப்பவர் பதில் எழுதியிருந்தார். நல்ல தமிழில்:

"இந்த மன்றத்தின் மொழி ஆங்கிலம். தயவுசெய்து உங்கள் கேள்வியை ஆங்கிலத்தில் மீண்டும் இடவும்."

"பாத்தீங்களா திமிர?" என்றார் ராத்தா. "இவன் எழுதுறது தமிழ். இவன்ட கூட்டாளிமார் எழுதுறது தமிழ். நான் எழுதினா மட்டும் இங்கிலீஷ் வேணுமாம்! உக்குவளைக்காரின்னு தெரிஞ்சிருச்சு போல."

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "அநியாயமா இருக்கே. தமிழ்லயே தமிழ் எழுதாதேன்னு சொல்றான்!"

நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பக்கத்தின் மேலே பார்த்தேன். மன்றத்தின் பெயர்ப்பலகை அழகான ஒரு படம். அதில் ஆங்கில எழுத்து.

"ராத்தா, இந்தப் போர்டு இங்கிலீஷ்ல இருக்கே, நீங்க கவனிக்கலையா?"

"மாத்தளை டவுன்ல எத்தனை கடைக்கு இங்கிலீஷ் போர்டு? உள்ள போனா தமிழ்தானே பேசுறாங்க."

படத்தில் வரைந்த எழுத்தை உலாவி மொழிபெயர்க்காது. எழுத்தாக எழுதிய எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அந்த ஒரு பலகையை மட்டும் விட்டுவைத்திருந்தது. அதையும் ராத்தா மாத்தளைக் கடைத்தெரு நியாயப்படி தீர்த்துவிட்டார்.

முகவரிக் கட்டத்தின் ஓரத்தில் மொழிபெயர்ப்புக்கான சின்ன அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு மொழிகளின் பெயர் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஆங்கிலம், தமிழ். இப்போது காட்டும் மொழி தமிழ் என்று, அதன் கீழே கோடு இருந்தது. எனக்கு ஒரு கணம் தயக்கம். ஒருவருடைய கூட்டாளிகள் எல்லோரையும் ஒரே அழுத்தில் அனுப்பிவிடப் போகிறோமே என்று.

"ராத்தா, இதை அழுத்துறேன். பயப்படாம பாருங்க."

ஆங்கிலம் என்பதைத் தொட்டேன். தமிழ் முழுவதும் ஓடிப்போனது. மேலிருந்து கீழ்வரை ஆங்கிலம். "அன்புள்ள நண்பரே" போனது, கொஞ்சல் போனது, திமிர் பிடித்த வரியும் ஆங்கிலமாகி மரியாதையாக நின்றது. பக்கம் முழுவதிலும் தமிழாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. ராத்தாவின் கேள்வி.

ராத்தா திரையை மேலும் கீழும் தேடினார்.

"இவங்க எல்லாம் எங்க போயிட்டாங்க?"

"எங்கேயும் போகல்ல ராத்தா. ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். அவங்க எழுதுறது இங்கிலீஷ். உங்க கண்ணுக்குக் காட்டும்போது பிரவுசர் தமிழாக்கிக் காட்டுது. ஆனா நீங்க எழுதினது அப்படியே தமிழாத்தான் போகுது. அவங்களுக்கு அது தமிழாத்தான் தெரியும்."

"அப்ப அது வாறப்ப மட்டும்தான் மாத்துமா? போறப்ப மாத்தாதா?"

"மாத்தாது. திரையில காட்டுறதை மட்டும்தான் மாத்தும். நாம பெட்டியில எழுதுறதைத் தொடாது."

"நீங்க எல்லாமே தமிழ்னு சென்னீங்க!"

"வர்றது எல்லாமே தமிழ்னு சொல்லியிருக்கணும்."

"அந்த ஒரு சொல்ல முழுங்கிட்டீங்க தம்பி."

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முறையெல்லாம் சுத்தம். அபிஷேகம் பண்ணி முடிச்சு, சாமியை மட்டும் ஊர் மாத்தி வச்சிட்டாரு."

ராத்தா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மன்றத்துல ஒருத்தர், ஏதோ தூரத் தீவுல ஈக்கிறவர், பெஞ்சாதிக்குச் சொகமில்லன்னு எழுதியிருந்தாரே, அவரு தமிழர் இல்லியா?"

"இல்ல ராத்தா."

"நான் தொழுதிட்டு அந்தப் பெஞ்சாதிக்காக துஆ கேட்டேனே." கொஞ்சம் நிறுத்தி, "பரவால்ல. அதுக்கு மொழி தேவல்ல," என்றார். உடனே நிமிர்ந்தார். "சரி. பூ காத்துக்கிட்டு நிக்காது. இங்கிலீஷ்ல எழுதுங்க."

அந்தப் பிற்பகல் முழுக்க அதுதான் வேலை. என் ஆங்கிலம் விண்ணப்பம் நிரப்பும் ஆங்கிலம். அதில் பிஞ்சு விழுவதற்கு இடம் இல்லை. ராத்தா தமிழில் சொல்ல, அதை மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்டேன். வந்த ஆங்கிலத்தை அங்கேயே திருப்பித் தமிழாக்கிப் பார்த்தேன், சொன்னது சொன்னபடி திரும்பி வருகிறதா என்று. முதல் தடவை வரவில்லை. ராத்தாவின் வாக்கியம் மூச்சுவிடாமல் அண்ணன், மிளகு, மழை, பிஞ்சு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போனதால், திரும்பி வந்ததில் அண்ணன் மரத்திலிருந்து விழுந்திருந்தார்.

"அது வேணும்னா நடக்கட்டும்," என்றார் ராத்தா. "ஆனா இப்ப வேண்டாம். சின்னச் சின்னதா சொல்றேன்."

சின்னச் சின்னதாகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமும் போய்த் திரும்பி வந்தது. எழுத்துப்பிழைப் பட்டியலில் ஆங்கிலத்தையும் சேர்த்தேன். தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகவே இருக்கலாம், ஒன்றை ஒன்று தள்ளாது. நான் கையால் தட்டிச் சேர்த்த ஒரு வரியில் மூன்று இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது.

"வாத்தி இப்ப உங்களையும் திருத்த வந்துட்டான்," என்றார் ராத்தா, மிகவும் திருப்தியாக.

ஒழுங்கு கருதி, ராத்தாவின் தமிழ்க் கேள்வியையும் அடியில் வைத்தோம். ஒருவேளை மொழிபெயர்ப்பு தவறியிருந்தால் மூலம் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அவர் வேறு காரணம் சொன்னார்: "நான் யாருன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

பூ விரியும் முன்பே பதில் வந்தது. மன்றத்தைக் கவனிப்பவரே எழுதியிருந்தார், மரியாதையாகவும் விவரமாகவும். ஒரு கொத்தில் எத்தனை பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறீர்கள், கொடிக்கு மேலே நிழல் எப்படி, பூக்கும் முன்பு மரக் கிளைகளை வெட்டினீர்களா என்று முதலில் கேள்விகள். ராத்தா எல்லாப் பூவுக்கும் சேர்த்திருந்தார். கிளைகளையும் நன்றாகக் கழித்துவிட்டிருந்தார், வெளிச்சம் படட்டும் என்று. அங்கேதான் தவறு என்றது அடுத்த பதில். கொத்துக்குச் சில பூ போதும், மற்றவற்றை விட்டுவிடுங்கள், கொடியால் அத்தனையையும் தாங்க முடியாது. வெயில் நேராக விழவிடாதீர்கள். அடியில் சருகு போட்டு ஈரத்தைக் காப்பாற்றுங்கள், தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்.

ராத்தாவுக்குப் பூவை விட்டுவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "விரிஞ்ச பூவ கண்ணால பாத்துக்கிட்டு சும்மா போறதா?" என்று முனகினார். ஆனாலும் விட்டுவைத்தார். கிளை வெட்டிய இடத்தில் தென்னோலை கட்டி நிழல் வைத்தார். அண்ணன் தோட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "வெனிலாவுக்குக் கல்யாணப் பந்தலா?" என்று கேட்டாராம்.

அந்த நாட்களில் ஒரு தடவை கணினியை மறுபடி கொண்டு வந்தார்.

"தம்பி, அந்தக் கேக்காமலே மாத்துறத நிப்பாட்டுங்க."

"தமிழ் வேண்டாமா?"

"வேணும். ஆனா முதல்ல அவங்க எப்படி ஈக்கிறாங்களோ அப்படியே வரட்டும். பிறகு நான் கேட்டா தமிழ்ல பேசட்டும். வீட்டுக்குள்ள வாறவங்க கதவைத் தட்டணும்."

ஆங்கிலத்தைத் தானாக மொழிபெயர்க்கும் பட்டியலிலிருந்து எடுத்தேன். மொழிபெயர்ப்பு இருக்கும்; கேட்டுவிட்டுத்தான் செய்யும். தமிழ் வரிசையில் மேலேயே இருந்தது, மெனுவும் தமிழிலேயே. அன்றிலிருந்து என் முறையிலும் ஒரு மாற்றம். தானாக மொழிபெயர்க்கும்படி யாருக்கும் வைப்பதில்லை. கேட்டால் மட்டும் வைக்கிறேன், வைக்கும்போது "வர்றது மட்டும்தான், போறது இல்ல" என்று சொல்லி, அதையே திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். மனைவி இதற்கு "சங்கல்பம்" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

போன கிழமை ராத்தா கடைக்கு வந்தபோது முகத்தில் சந்தேகம். கணினியைத் திறந்து காட்டினார். மன்றத்தின் பக்கம், முழுவதும் ஆங்கிலம். நடுவில் ஒரே ஒரு வரி தமிழ்.

"இது மன்றத்தைக் கவனிக்கிறவர் எனக்கு எழுதினது. மறுபடியும் பெட்டி தானா மாத்துதா? நான் கேக்கவே இல்லியே. கதவத் தட்டாம வந்தீக்கி."

மேலே பார்த்தேன். மொழிபெயர்ப்பு நடக்கவில்லை. இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பது என் வழக்கம். பக்கத்தைத் தமிழாக்கி, மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பினேன். சுற்றியிருந்த எல்லாம் மாறின, திரும்பின. அந்த வரி அசையவில்லை.

"இது பிரவுசர் வேலை இல்ல ராத்தா. அவரே தமிழ்ல போட்டிருக்காரு. அவரும் எங்கேயோ மொழிபெயர்த்து ஒட்டியிருக்காரு."

"எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான்."

ராத்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து அந்த வரியை வாய்விட்டு வாசித்தார். "அன்புள்ள சகோதரி, உங்கள் காய்கள் கொடியின் மீது தங்கியிருக்கின்றனவா?"

"புத்தகத்துல வாசிக்கிற மாதிரிதான் எழுதுறாரு," என்றாள் மனைவி. "ராத்தா, தங்கியிருக்கின்றனவா?"

ராத்தா தொலைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். தென்னோலை நிழலில், கொத்தாக, பச்சையாக, விரல் நீளம் தாண்டிய காய்கள். அண்ணன் அவற்றின் கீழே நின்று, படத்துக்கு நிற்கப் பிடிக்காதவர் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மிளகுக் கன்று எதுவும் இல்லை.

"நான் எழுதித் தரவா?" என்று விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.

"வேண்டாம். அவரு எனக்குத் தமிழ்ல எழுதியீக்கார். நான் அவருக்கு இங்கிலீஷ்ல எழுதுவேன்."

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஆம் என்பதற்கான அந்தச் சின்ன ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். கையை எடுத்துவிட்டு, கோடு விழுகிறதா என்று திரையை முறைத்துப் பார்த்தார். விழவில்லை.

"வாத்திக்கும் சம்மதம்," என்று சொல்லிப் பதிலை அனுப்பினார்.